சுவருக்குப் பின்னால் யாரோ நடக்கிறார்கள்

1996இல் வந்த ‘க்வேக்’ விளையாட்டில் முகத்துக்கு நேரே நின்று உறுமும் பூதமும், அதே தூரத்தில் முதுகுக்குப் பின்னால் நின்று உறுமும் பூதமும் காதுக்கு ஒன்றுதான். தலைக்கு மேலே நின்றாலும் அதே உறுமல்தான். அதை உருவாக்கிய இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1999இல் அதன் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டதால், காரணத்தை இன்று யாரும் திறந்து பார்க்கலாம். ஒலியை இரண்டு காதுக்கும் பங்கு பிரிக்கும் வேலை சில வரிகளிலேயே முடிந்துவிடுகிறது.

```
dot = DotProduct(listener_right, source_vec);
rscale = 1.0 + dot;
lscale = 1.0 - dot;
scale = (1.0 - dist) * rscale;
```

ஒலி எவ்வளவு வலப்பக்கம் இருக்கிறது என்ற ஒரே கேள்வியைத்தான் இந்த வரிகள் கேட்கின்றன. முன்னா, பின்னா, மேலா, கீழா என்று கேட்கவே இல்லை. கடைசி வரி தூரத்தைக் கழிக்கிறது. ஒலி நேர்கோட்டில் தேய்ந்து, ஓர் எல்லையை எட்டியதும் சுழியாகிறது. நடுவில் சுவர் இருக்கிறதா என்று இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. விளையாடுபவருக்குக் காலடி ஓசையும் கிடையாது.

இந்த நாலு வரியிலிருந்து இன்றைய விளையாட்டுகள் வெகுதூரம் வந்துவிட்டன. முப்பரிமாண ஒலி இருக்கிறது. தூரத்துக்கேற்பத் தேய்மானம் இருக்கிறது. தரைக்கேற்ற காலடி இருக்கிறது. சுவருக்குப் பின்னாலிருந்து வரும் ஒலி மங்கலாகக் கேட்கிறது. நான்கையும் ஒரே மூச்சில் ‘ரியலிஸ்டிக் சவுண்ட்’ என்று விளம்பரப்படுத்துவார்கள். ஆனால் நான்கும் ஒரே தரத்தில் இல்லை. காலடியில் உழைப்புக்கு மேல் பலன் கிடைத்திருக்கிறது. தேய்மானம் ஒப்புக்கொள்ளத்தக்க ஒரு பொய். சுவர் மங்கல்தான் பெரும்பாலான விளையாட்டுகளில் கோட்டைவிடும் இடம்.

தேய்மானத்தை முதலில் பார்க்கலாம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பது பள்ளிப் பாடம். ஒரு மீட்டரில் கேட்பதோடு ஒப்பிட்டால் 10 மீட்டரில் 20 டெசிபெல் குறைந்திருக்கும். யூனிட்டியில் ஒலிமூலத்தைப் பொருத்தும்போது முதலில் கிடைக்கும் ‘லாகரிதமிக்’ வளைவு இந்த விதியைத்தான் பின்பற்றுகிறது. அங்கே ஒரு பொறி இருக்கிறது. அதிகபட்சத் தூரம் என்ற கட்டத்தில் 20 என்று போட்டதும், 20 மீட்டருக்கு அப்பால் ஒலி கேட்காது என்று புதியவர் நினைத்துக்கொள்கிறார். லாகரிதமிக் வளைவில் அந்த எண்ணுக்குப் பொருள் வேறு. அந்தத் தூரத்தோடு தேய்மானம் நின்றுவிடும். ஒலி நிற்காது. இருபதில் ஒரு பங்கு அளவில் அது வரைபடத்தின் கடைசி மூலை வரை கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மின்விசிறி என்றால் தெரியாது. கட்டடம் முழுக்க முப்பது விசிறி வைத்த பிறகு, எங்கே போனாலும் துரத்தும் ஒரு ரீங்காரத்துக்குக் காரணம் புரியாமல் இரண்டு நாள் தேடுவார்கள்.

தேடிக் கண்டுபிடித்தவர் வழக்கமாகச் செய்வது, நேர்கோட்டு வளைவுக்கு மாற்றுவது. ஒலி இப்போது 20 மீட்டரில் ஒழுங்காக அணைகிறது. ஆனால் இடைப்பட்ட தூரங்களில் கதை மாறுகிறது. குறைந்தபட்சத் தூரம் 1 மீட்டர் என்று வைத்தால், 10 மீட்டரில் உண்மையில் 20 டெசிபெல் குறையவேண்டிய ஒலி, நேர்கோட்டில் ஐந்தரை டெசிபெல் சொச்சம்தான் குறைந்திருக்கும். 19 மீட்டரில் இரண்டு வளைவும் ஒரே மதிப்பைத் தொடுகின்றன. அதாவது முதல் பாதித் தூரம் முழுக்க எதிரி பக்கத்திலேயே இருப்பதுபோல் கேட்டுவிட்டு, கடைசிப் பத்து மீட்டரில் பள்ளத்தில் விழுந்ததுபோல் காணாமல் போகிறார். ‘இவ்வளவு கிட்டே கேட்டதே, ஆளைக் காணோமே’ என்று விளையாடுபவர்கள் புலம்புவதற்குப் பெரும்பாலும் இந்த வளைவே காரணம்.

இதைப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது. இயற்கை விதியை அப்படியே வைத்தால் நூறு வீரர் இருக்கும் களத்தில் நூறு பேர் ஒலியும் மெல்லிய கூழாகக் கலந்துவிடும். எங்கோ ஒரு வரம்பு கட்டத்தான் வேண்டும். கையால் வரைந்த வளைவை வைத்துக்கொள்ளும் வசதியை எல்லாக் கருவிகளும் தருகின்றன. அருகில் இயற்கையைப் போல் வேகமாகவும், தொலைவில் மெதுவாகவும் இறக்கி, எல்லையில் மென்மையாக அணைப்பவர்கள் நல்ல பலன் காண்கிறார்கள். 2016இல் வந்த ‘ஓவர்வாட்ச்’ இன்னும் ஒருபடி மேலே போனது. தூரம் மட்டுமில்லாமல், அந்த வீரர் உங்களுக்கு எவ்வளவு ஆபத்தானவர் என்பதையும் பார்த்து ஒலியின் அளவை அது தீர்மானிக்கிறது. கூட்டாளியின் காலடியைவிட எதிரியின் காலடி ஓங்கிக் கேட்கும். இயற்பியலில் இதற்கு இடமே இல்லை. ஆனால் காட்டு வழியில் போகிறவனின் காது ஊர்க்காரன் நடையைவிட உறுமலுக்குத்தானே முந்திக்கொண்டு விறைக்கும்? அந்த அளவில் இது மனித உண்மை.

காலடிக்கு வருவோம். இதில் மிகத் தெளிவான பாடம் 1998இல் வால்வ் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப்’. க்வேக்கின் இயந்திரத்தை எடுத்து மாற்றிக் கட்டியதுதான் அது. வால்வ் பிறகு வெளியிட்ட நிரல் தொகுப்பில் காலடி எப்படி எழுகிறது என்பதை வரி வரியாகப் படிக்கலாம். விளையாட்டோடு `materials.txt` என்ற ஒரு கோப்பு வரும். சுவரிலும் தரையிலும் ஒட்டப்படும் ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் முன்னால் அதில் ஓர் எழுத்து இருக்கும். M என்றால் உலோகம், D என்றால் மண், T என்றால் ஓடு, W என்றால் மரம், V என்றால் காற்றுக்குழாய். வீரர் நகரும்போது அவர் உடலின் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு பாய்ச்சப்படுகிறது. அது எந்தப் படத்தில் முட்டுகிறதோ அதன் எழுத்தைப் பார்த்து ஓசை ஒலிக்கிறது.

ஒவ்வொரு தரைக்கும் நான்கு ஒலிக்கோப்புகள். இடது காலுக்கு இரண்டு, வலது காலுக்கு இரண்டு. கால் மாறி மாறி வரும், அந்தக் காலுக்குள் எந்தக் கோப்பு என்பது குலுக்கல். ஓடினால் 300 மில்லி வினாடிக்கு ஒரு அடி, நடந்தால் 400. கான்கிரீட்டில் நடந்தால் ஒலியளவு 0.2, ஓடினால் 0.5. காற்றுக்குழாயில் அதுவே 0.4, 0.7. குனிந்து போனால் எல்லாமே 35 விழுக்காட்டுக்குச் சுருங்கும். ஓட்டுத் தரைக்கு மட்டும் ஐந்தாவதாக ஒரு கோப்பு உண்டு. ஐந்தில் ஒரு முறை அது தலைகாட்டும். ஓடு போட்ட கூடத்தில் செருப்புக் கால் சற்றே வழுக்கிக் கீச்சிடுவதை யாரோ ஒருவர் கவனித்திருக்கிறார் போலும்.

இவ்வளவுதான் சங்கதி. மிஞ்சிப்போனால் சில டஜன் ஒலிக்கோப்பும் ஓர் எழுத்துப் பட்டியலும். இதற்குக் கிடைத்த பலனோ மிகப் பெரியது. காற்றுக்குழாய்க்குள் தவழும்போது எழும் தகர ஓசை, அந்த இடம் எவ்வளவு குறுகலானது என்பதைப் படத்தைவிட அழுத்தமாகச் சொல்லிவிடுகிறது. பலர் சேர்ந்து ஆடும்போது இன்னொரு விதி சேர்கிறது. வினாடிக்கு 220 அலகு வேகத்துக்கு மேல் போனால்தான் காலடியே கேட்கும். மெல்ல நடப்பவர் முழு மௌனம். நிஜத்தில் சரளைக்கல்லில் யாராலும் ஓசையின்றி நடக்க முடியாது. ஆனால் இந்தப் பொய்யால்தான் வேகத்துக்கும் மறைவுக்கும் இடையில் ஒவ்வொரு நொடியும் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் பிறக்கிறது. ஹாஃப்-லைஃபின் மேல் எழும்பிய ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’கில், ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பதுங்கிப் போவது ஒரு தலைமுறைக்கே கைப்பழக்கமாகிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. பட்டியலில் இல்லாத படம் எதுவானாலும் கான்கிரீட் என்றே நிரல் முடிவுசெய்துவிடும். ரசிகர்கள் கட்டிய புதிய வரைபடங்களில் புல்வெளியில் நடந்தால் ‘டக் டக்’ என்று சிமெண்ட் சத்தம் வரும். தவறு எங்கே என்று கண்டுபிடிக்க நடந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாய்ச்சும் கோடு ஒன்றே என்பதால், ஒரு கால் கம்பளத்திலும் மறு கால் கல்லிலும் இருந்தாலும் இயந்திரத்துக்கு ஒரு தரைதான் தெரியும். இவை திருத்தக்கூடியவை. பிந்தைய ‘சோர்ஸ்’ இயந்திரத்தில் வால்வ் அந்தப் பட்டியலைக் கைவிட்டு, ஒவ்வொரு பொருளின் சொந்தக் கோப்பிலேயே `$surfaceprop` என்ற வரியில் தரையின் வகையை எழுதவைத்தது. பொறுப்பு படத்தை வரைபவரின் கைக்குப் போனது. அதுதான் சரியான இடம்.

சுவர்தான் சிக்கல்.

இன்றைய சிறு விளையாட்டுகளில் பலவற்றில் சுவர் மங்கல் இப்படித்தான் நடக்கிறது. கேட்பவரின் காதிலிருந்து ஒலிமூலத்துக்கு ஒரு நேர்கோடு பாய்ச்சு. நடுவில் ஏதாவது தடுத்தால் ஒலியைப் பாதியாக்கு, லோ-பாஸ் ஃபில்டரைப் போட்டுக் கூர்மையான ஒலிகளை வெட்டிவிடு. அன்ரியல் இயந்திரத்தில் இதற்கு ஒரு பெட்டியில் டிக் அடித்து இரண்டு எண்ணை நிரப்பினால் போதும். செய்து கேட்டுப் பார்த்தால் முதல் முறை அசந்துபோகத்தான் செய்வோம். கதவைச் சாத்தியதுபோல் ஒலி குளிர்ந்து கீழே இறங்குகிறது.

கொஞ்சம் நின்று யோசித்தால் இதன் பொய் தெரியும். இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 50 டெசிபெல் ஒலியைத் தடுத்துவிடும். பக்கத்து அறையில் ஒருவர் சாதாரணமாக நடக்கும் ஓசை, அப்படிப்பட்ட சுவரைத் துளைத்துக்கொண்டு காதுக்கு வருவது அரிது. ஆனாலும் நம் வீடுகளில் பக்கத்து அறை நடை கேட்கிறதே என்றால், அது சுவர் வழியாக வரவில்லை. கதவு வழியாக, ஜன்னல் வழியாக, நடை வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. ஒலி மூலையில் வளையும். அடித்தொண்டைக் குரலில் இருக்கும் 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டருக்கு மேல். அதற்கு வாசல் ஒரு பொருட்டே இல்லை, தாராளமாக வளைந்து போகும். ஏழு சென்டிமீட்டர் நீளமுள்ள 5000 ஹெர்ட்ஸ் அலை அவ்வளவாக வளையாது. மூலைக்கு அப்பாலிருந்து வரும் பேச்சு மழுங்கிக் கேட்பதற்கு இதுவே காரணம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு அறைகள், நடுவில் ஒரே சுவர். இரண்டு அறைக்கும் கதவு ஒரே தாழ்வாரத்தில் திறக்கிறது, இரண்டும் திறந்திருக்கின்றன. ஒருவர் சுவருக்கு மூன்று மீட்டர் இந்தப் பக்கம், எதிரி இரண்டு மீட்டர் அந்தப் பக்கம். நேர்கோட்டுத் தூரம் 5 மீட்டர். கதவு வழியாகச் சுற்றினால் 13 மீட்டர் என்று வைப்போம். நேர்கோட்டு முறை 5 மீட்டருக்கு 14 டெசிபெல் கழிக்கிறது. சுவர் தடுப்பதால் இன்னும் 6. மொத்தம் 20. சுற்றுவழிக் கணக்கில் 13 மீட்டருக்கு 22 டெசிபெல்லுக்குச் சற்று மேல் வரும், மூலை வளைவுக்கு இன்னும் கொஞ்சம். அதாவது ஒலியின் அளவில் இரண்டு முறைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. காது ஏமாந்து நம்பிவிடுவது இங்கேதான். மாறுவது திசை. நிஜத்தில் ஓசை கதவிலிருந்து வரவேண்டும். நேர்கோட்டு முறையில் அது சுவரின் ஊடே, எதிரி நிற்கும் புள்ளியிலிருந்தே வருகிறது. துப்பாக்கி சுவரைத் துளைக்கும் விளையாட்டில் இதன் விளைவு என்ன? ஹெட்போன் போட்டவருக்கு எதிரி நிற்கும் இடத்தைச் சுவர் மேல் வட்டம் போட்டுக் காட்டியதுபோல் ஆகிறது. சுவருக்கு அப்பால் பார்க்கும் திருட்டு நிரலை வைத்திருந்தால் கணக்கைத் தடைசெய்கிறார்கள். அதே உதவியைத் தங்கள் ஒலி தினமும் செய்வதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்த முறையின் மற்றொரு கோளாறைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு மெல்லிய தூணுக்குப் பின்னால் வானொலி ஒன்றை வைத்துவிட்டு, தூணின் இருபுறமும் மெல்ல அசைந்தால் போதும். ஒலி திடீரென மங்கும், திடீரெனத் தெளியும். நேர்கோட்டுக்குத் தூணும் சுவரும் ஒன்றுதான். பல கோடுகளைப் பாய்ச்சிச் சராசரி எடுத்தும், மாற்றத்தை ஒரு நொடியின் சிறு பங்குக்குப் பரப்பியும் இந்தத் துள்ளலை மறைக்கலாம். திசைப் பொய்யை மறைக்க முடியாது.

வியப்பு என்னவென்றால், சரியான விடை 1998இன் இறுதியிலேயே வந்துவிட்டது. லுக்கிங் கிளாஸ் நிறுவனத்தின் ‘தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்’ ஒரு திருடனின் கதை. இருட்டில் ஒளிந்து, காவலரின் காதுக்கு எட்டாமல் போகவேண்டும். அதன் வரைபடத்தைக் கட்டுபவர், கண்ணுக்குத் தெரியும் சுவர்களோடு, கண்ணுக்குத் தெரியாத அறைப்பெட்டிகளையும் அடுக்கவேண்டும். இரண்டு பெட்டிகள் ஒட்டும் இடம் ஒரு வாயில். ஓசை ஒரு பெட்டியில் பிறந்தால், வாயில் வாயிலாகக் கடந்துதான் அடுத்த பெட்டிக்குப் போகும். நடந்த வழியின் நீளத்துக்கேற்பத் தேயும். சாத்திய கதவு அதை மேலும் குறைக்கும். கேட்பவருக்கு அது கடைசி வாயிலின் திசையிலிருந்து வரும். நம் வீட்டு உதாரணத்தின் கதவு அங்கே தானாகவே சரியாகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய நேர்மை இன்னொன்று. காவலரின் காதும் அதே கணக்கைத்தான் பயன்படுத்துகிறது. ஓட்டுத் தரையிலும் இரும்புக் கம்பித் தரையிலும் திருடன் ஓடினால் ஓசை பெரிது, கம்பளத்தில் சிறிது. அது எந்த வாயில் வழியாகக் காவலரை எட்டுகிறதோ, அந்தப் பக்கம் அவர் திரும்புகிறார். பாசி அம்பை எய்து தரையில் மெத்தென்ற படலம் பரப்பிவிட்டு அதன் மேல் நடக்கலாம். தேய்மானம், தரை, சுவர் மூன்றும் இங்கே ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. தனக்குக் கேட்பதை வைத்தே காவலருக்கு என்ன கேட்கும் என்று விளையாடுபவர் ஊகிக்க முடிகிறது. பிற்காலத்தின் பல விளையாட்டுகளில் வீரருக்கு அலங்காரமான ஒலி ஒரு கணக்கிலும், எதிரியின் செவி வெறும் வட்ட ஆரம் என்ற இன்னொரு கணக்கிலும் ஓடுகின்றன. தடித்த சுவருக்கு அப்பால் நிற்கும் காவலர் பூட்டிய அறையில் விழுந்த ஊசிக்குத் திரும்பிப் பார்ப்பது அதனால்தான்.

தீஃப் முறையின் விலை கைவேலை. பெட்டிகளை மனிதர்தான் அடுக்கவேண்டும். ஒரு மூலை விட்டுப்போனால் அந்த இடத்தில் உலகமே செவிடாகிவிடும். சுவர் இடிந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அங்கே எழவும் இல்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது 2015 டிசம்பரில் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘ரெயின்போ சிக்ஸ் சீஜ்’. அதில் பல உட்சுவர்களை உடைக்கலாம். ஒலி செல்லக்கூடிய புள்ளிகளை வரைபடமெங்கும் தூவி, அவற்றுக்கிடையே மிகக் குறைந்த தடையுள்ள வழியை அது தேடுகிறது. வழியின் நீளம், திருப்பங்களின் கோணம், இடையிலுள்ள சுவர் எவ்வளவு உடைந்திருக்கிறது என்பவை அந்த வழியின் விலையைத் தீர்மானிக்கின்றன. சுவரில் ஓட்டை விழுந்ததும் வழி மாறுகிறது, ஓசை ஓட்டையிலிருந்து வருகிறது. பதற்றமான ஆட்டத்தில், கண் பார்க்காத ஓட்டையைக் காது சொல்லிவிடும் அனுபவத்துக்கு ஈடு குறைவு.

இந்த முறைக்கும் பலவீனம் உண்டு. வழிகள் இரண்டு ஏறத்தாழ ஒரே விலையில் நின்றால், எதிரி ஓர் அடி எடுத்து வைத்ததும் ஓசை இடப்புறக் கதவிலிருந்து வலப்புறக் கதவுக்குத் தாவிவிடலாம். நிஜத்தில் இரண்டு கதவு வழியாகவும் ஒருசேரத்தான் வரும். இதைவிடச் சுவையான சிக்கல் மாடியில் இருக்கிறது. அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், மேல்வீட்டில் நாற்காலியை இழுத்தால், குழந்தை குதித்தால் தலைக்கு மேலே துல்லியமாகக் கேட்கும். பேச்சு கேட்காது. காரணம், குதிகால் தளத்தையே தட்டுகிறது. கான்கிரீட் அதிர்ந்து, கூரையே ஒலிபெருக்கியாகிவிடுகிறது. காற்று வழியாக வரும் ஒலியைத் தடுக்கும் அதே கனமான தளம், தட்டலைத் தாராளமாகக் கடத்துகிறது. ஆகவே காற்றுவழியை மட்டுமே தேடும் முறை, மாடியில் நடப்பவரின் காலடியைப் படிக்கட்டு வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து தவறான இடத்தில் சேர்க்கும். நேர்கோட்டு முறையோ தற்செயலாக இந்த ஓர் இடத்தில் மட்டும் சரியாகச் சொல்லிவிடும். பேச்சையும் துப்பாக்கி ஓசையையும் வாயில் வழியாகவும், மேல்தளக் காலடியைக் கூரை வழியாகவும் அனுப்பும் விளையாட்டுத்தான் இரண்டு பக்கமும் நியாயம் செய்யும்.

மேலா கீழா என்பதைச் சரியாகக் கணக்கிட்டுவிட்டாலும், அதைக் காதுக்குள் சேர்ப்பது இன்னொரு வேலை. இட வலத்தை மூளை இரண்டு காதுக்கும் இடையிலுள்ள நேர இடைவெளியை வைத்துப் பிரிக்கிறது. அதன் உச்ச அளவே 0.7 மில்லி வினாடிக்குள்தான். முன் பின், மேல் கீழ் தெரிவது காதுமடலின் மடிப்புகளால். அவை ஆளுக்கு ஆள் மாறும். எச்ஆர்டிஎஃப் என்ற நுட்பம், அளந்து வைத்த ஒரு தலையின் காதை எல்லோருக்கும் மாட்டுகிறது. 1994இல் எம்ஐடி ஆய்வுக்கூடம் ஒரு பொம்மைத் தலையில் 710 திசைகளிலிருந்து அளந்து வெளியிட்ட தொகுப்பு நெடுநாள் புழங்கியது. அந்தப் பொம்மைக்கு நெருங்கிய காது வாய்த்தவர்களுக்கு மாயம் பலிக்கும். மற்றவர்களுக்குப் பின்னால் நடப்பவர் முன்னால் நடப்பார். பிடிக்காவிட்டால் அணைத்துவிட்டுச் சாதாரண ஸ்டீரியோவில் ஆட ஒரு பொத்தான் வைப்பதே மரியாதை.

ஒரு காது கேளாதவருக்கு இவை எதுவும் உதவாது. மலிவான போனின் ஒற்றை ஒலிபெருக்கியில் விளையாடுபவரின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். பப்ஜி மொபைல் இதை நேரடியாக ஒப்புக்கொண்டது. காலடி எந்தப் பக்கம் என்பதைக் காதிடம் மட்டும் விட்டுவிடாமல், மூலையிலுள்ள சிறு வரைபடத்தில் பாதச் சுவடு போட்டுக் காட்டியது. இந்தியாவில் 2020 செப்டம்பரில் அது தடைசெய்யப்பட்டு, 2021இல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தபோதும் அந்தச் சுவடுகள் கூடவே வந்தன. ஒலி வடிவமைப்பில் ஊறியவர்களுக்கு அது தோல்வியாகத் தெரியலாம். பேருந்து இரைச்சலில், ஹெட்போன் இல்லாமல் விளையாடும் பையனுக்குச் சுவருக்குப் பின்னால் யாரோ நடக்கிறார்கள் என்று சொல்ல அந்தச் சுவடைவிட நம்பகமான வழி இன்னும் வரவில்லை.